பாதியில் அறுந்தாலும் பிழையாகக் கேட்கக்கூடாத அறிவித்தல்

வெள்ளம் வடிந்த ஒரு மார்கழி மாதத்தில், கிளிநொச்சிக்குக் கிழக்கே வயல்களுக்கு நடுவிலுள்ள ஒரு கிராமத்தின் கிணறுகளுக்குக் குளோரின் போட்டார்கள். அதற்கு முன்னர் அந்தக் கிராமத்து வீதிகளில் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று அறிவித்துக்கொண்டு சென்றது. அறிவித்தலை எழுதியவன் நான். மறுநாள் காலை அங்கு சென்றபோது, மூலைவளவில் இருக்கும் வயதான அம்மா ஒருவர் குசினியில் வரிசையாக நிரம்பியிருந்த குடங்களைக் காட்டினார். “விடியும்வரைக்கும் பாவிக்கலாம் எண்டுதானே தம்பி சொன்னவை, அதுதான் இருட்ட முன்னமே அள்ளி வைச்சனான். பேத்தி மணக்குது எண்டு வாயில வைக்கேல்லை” என்றார். குளோரின் போட்ட கையோடு அள்ளிய தண்ணீர் அது.

அவர் கவனமில்லாமல் கேட்டவர் அல்லர். அன்று ஒலித்த வாசகம் இதுதான்:

“இத்தால் சகல பொதுமக்களுக்கும் அறியத்தருவது யாதெனில், அண்மைய வெள்ள அனர்த்தத்தினால் மாசடைந்த கிணறுகளுக்குக் குளோரின் இடும் பணி எமது அலுவலகத்தினால் முன்னெடுக்கப்படுவதனால், குளோரின் இடப்பட்ட கிணறுகளின் நீரை நாளை காலை வரை குடிப்பதற்கோ சமைப்பதற்கோ பயன்படுத்த வேண்டாமெனக் கேட்டுக்கொள்கின்றோம்.”

தாளில் இதில் பிழை இல்லை. ஆனால் அந்த அம்மாவின் வளவைத் தாண்டியதும் வீதி திரும்புகிறது. “நாளை காலை வரை குடிப்பதற்கோ சமைப்பதற்கோ பயன்படுத்த” என்ற இடம்வரை அவருக்குத் தெளிவாகக் கேட்டிருக்கிறது. “வேண்டாம்” என்ற சொல் ஒலிக்கும்போது ஓட்டோ திருப்பத்துக்கு அப்பால் போய்விட்டது. வினையையும் அதன் மறுப்பையும் வாக்கியத்தின் கடைசியில் வைப்பது தமிழின் இயல்பு. “முடியும்”, “முடியாது”, “திறக்கப்படும்”, “திறக்கப்படமாட்டாது” ஆகிய எல்லாவற்றிலும், கேட்பவர் செய்ய வேண்டியதை அப்படியே மாற்றிவிடும் துண்டு இறுதியில்தான் வருகிறது. வாசிப்பவருக்கு இதனால் இடைஞ்சல் இல்லை, ஏனெனில் கண் வரியின் முடிவுக்குப் போய்த் திரும்பி வரும். வீதியில் போகும் ஒலியைத் திருப்பிக் கேட்க எவருக்கும் வழியில்லை.

அன்றிலிருந்து எழுதும் ஒவ்வொரு அறிவித்தலையும் நான் அறுத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் தாளை மறைத்து, அதுவரை உள்ளதை மட்டும் உரத்து வாசிப்பேன். பிறகு தலைப்பக்கத்தை மறைத்து, எஞ்சியதை மட்டும் வாசிப்பேன். எந்த இடத்தில் அறுத்தாலும் ஒன்றும் விளங்காமல் போகலாம். அதனால் கேடு குறைவு, விளங்காதவர் அடுத்த வீட்டில் கேட்பார். சொல்ல வந்ததற்கு எதிரான பொருள் எங்காவது வந்துவிட்டால் அந்த வாக்கியத்தை வைத்திருக்க முடியாது, ஏனெனில் பிழையாக விளங்கியவர் எவரிடமும் கேட்கப் போவதில்லை.

அறுபடுவது எவ்வளவு சாதாரணமானது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் போகும் ஓட்டோ ஒரு விநாடியில் ஏறக்குறைய 4 மீற்றர் நகர்கிறது. வேலியோரம் நிற்கும் ஒருவருக்கு வாகனம் 80 மீற்றர் தொலைவில் வரும்போதும் அதே அளவு கடந்துபோகும்போதும் சொற்கள் தெளிவாகக் கேட்கும் என்று வைத்துக்கொண்டால், அவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 40 விநாடி. வேகம் 20 கிலோமீற்றரானால் அது 30 விநாடிக்கும் கீழே இறங்கிவிடும். வன்னியில் பல வீடுகள் வீதியிலிருந்து உள்ளே தள்ளி, பெரிய வளவுகளுக்கு நடுவே இருக்கின்றன. பக்கத்து வயலில் உழவு இயந்திரம் ஓடினால் இந்த நேரம் இன்னும் குறையும்.

மேலே தந்த வாசகத்தை வெளியிடத்துக்கு ஏற்ற நிதானத்தில் வாசித்தால் அரை நிமிடம் செல்லும். அதன் 28 சொற்களில் முதல் 16 சொற்கள் எவரையும் எதையும் செய்யச் சொல்லவில்லை. ஓட்டோ தெளிவாகக் கேட்கும் தூரத்துக்குள் வரும்போது பதிவு அதன் தொடக்கத்தில்தான் இருக்கும் என்பதற்கும் உறுதி இல்லை. பெரும்பாலானோர் நடுவிலிருந்துதான் கேட்கத் தொடங்குகிறார்கள். ஆகவே எந்த இடத்தில் கேட்கத் தொடங்கினாலும் ஒரு முறையாவது முழுமையாகக் கேட்க வேண்டுமானால், இடைவெளியையும் சேர்த்து அறிவித்தலின் ஒரு சுற்று, கேட்கும் நேரத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. 40 விநாடி கிடைக்கும் இடத்தில் ஒரு சுற்று 20 விநாடி. அதில் 3 விநாடி மௌனத்துக்குப் போனால் பேச 17 விநாடிதான் இருக்கிறது. அந்த மௌனத்தைச் சிலர் வீண் என்று நினைத்து நாதஸ்வர இசையால் நிரப்புகிறார்கள். அப்படிச் செய்தால் முடிவு எது, தொடக்கம் எது என்று கேட்பவருக்குத் தெரியாது. ஒரு சுற்றின் வால் அடுத்த சுற்றின் தலையோடு ஒட்டிக்கொள்ளும்.

அதே அறிவித்தலை இப்போது இப்படி எழுதுகிறேன்:

“குடிக்காதீர்கள்! கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்! கிணற்றுக்குக் குளோரின் போட்டிருக்கிறது. வியாழக்கிழமை காலை ஆறு மணி வரை குடிக்காதீர்கள், சமைக்காதீர்கள். குடிநீர் பவுசர், பாடசாலை வாசலில்.”

இங்கே “குடிக்க வேண்டாம்” என்பதை “குடிக்காதீர்கள்” என்று மாற்றியது மரியாதைக்காகவோ அழகுக்காகவோ அன்று. “குடிக்க வேண்டாம்” இரண்டு சொல். இரண்டாவது தொலைந்தால் முதலாவது தனியே நின்று குடிக்கச் சொல்வதுபோல் கேட்கும். “குடிக்காதீர்கள்” என்பதில் மறுப்பு சொல்லின் நடுவிலேயே, “கா”, “தீ” என்ற இரண்டு நெடில்களுக்குள் இருக்கிறது. தூரத்தில் மெய்யெழுத்துகள் தேய்ந்துபோன பின்னும் நெடில்கள் எஞ்சிக் கேட்கும். “ர்கள்” தொலைந்தாலும் பொருள் மாறுவதில்லை. நாங்கள் வீட்டில் பேசும் “குடியாதேங்கோ” என்பதிலும் மறுப்பு நடுவில்தான் இருக்கிறது. ஊர்க்குரலில் பதிவு செய்தால் அதையே தயங்காமல் வைப்பேன்.

முதலில் கடைசி வாக்கியத்தை “பவுசர் தண்ணீரை மட்டும் குடியுங்கள்” என்றுதான் எழுதியிருந்தேன். அறுத்துப் பார்த்தபோது “தண்ணீரை மட்டும் குடியுங்கள்” என்ற துண்டு தனியே எழுந்து வந்தது. அதனால் அந்த வரியில் வினையே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

“நாளை” என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன். புதன்கிழமை பதிவு செய்ததை வியாழக்கிழமை காலையிலும் ஓட்டோக்காரர் போட்டுக்கொண்டு வந்தால், கேட்பவரின் நாளை வெள்ளிக்கிழமையாகிவிடும். நேரத்தைச் சொல்லும்போது முழு மணியையே தேர்ந்தெடுக்கிறேன். “ஏழரை” என்பது “ஏழு” என்றே காதில் விழும். “ஒன்பது”, “ஐம்பது”, “எண்பது” மூன்றும் தூரத்தில் ஒரே வால் உள்ள சொற்கள். ஆறரை மணிக்கு முடியும் வேலையை ஏழு மணி என்று சொல்வதால் எவருக்கும் நட்டமில்லை.

“வெளியேறுங்கள்” என்ற சொல்லைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். குளத்து வான்கதவு திறக்கும்போது ஆற்றோரத்து மக்களை மேட்டுக்குப் போகச் சொல்லும் அறிவித்தல்களில் அது வழமையாக வருகிறது. மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த மக்களுக்கு அது வெறும் சொல் அன்று. அதைக் கேட்ட மாத்திரத்தில் பதறுபவர்கள் அதற்குப் பின் வருவதைக் கேட்பதில்லை. ஆகவே போக வேண்டிய இடத்தின் பெயரை முன்னே வைத்து, “பாடசாலைக்கு வாருங்கள்” என்று எழுதுகிறேன்.

எழுதி முடித்த பின்னர் வயல் வரம்பில் ஒருவரை நிறுத்தி, ஓட்டோவை உண்மையான வேகத்தில் ஓட்டிப் பார்ப்பது அவசியம். அறிவித்தலை முன்பு வாசிக்காதவராக அவர் இருக்க வேண்டும். அவரிடம் “விளங்கியதா?” என்று கேட்டால் “ஓம், விளங்கினது” என்றுதான் பதில் வரும். “இனி என்ன செய்வீர்கள்?” என்று கேட்டால்தான் பிழை வெளியே வரும். ஒலியைக் கூட்டினால் போதும் என்று ஓட்டோக்காரர்கள் நினைப்பதுண்டு. ஒலிபெருக்கியின் கூம்பு இரையத் தொடங்கிவிட்டால் சத்தம் தூரம் போகும், சொல் போகாது. சொல்லில்லாமலே வேலை செய்யும் ஒலியும் இருக்கிறது; பாண் ஓட்டோவின் மெட்டைக் கேட்டதும் பிள்ளைகள் காசோடு படலைக்கு ஓடுகிறார்கள். ஆனால் அதற்கு ஒரு மெட்டை ஒரே விடயத்துக்கு மட்டும் நெடுநாள் வைத்திருக்க வேண்டும்.

தொலைபேசியில் காத்திருக்கும்போது ஒலிக்கும் பதிவுக்கு இந்த வாகனக் கணக்கு பொருந்தாது என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். கேட்பவர் ஓரிடத்தில் இருக்கிறார், ஒலி காதோடு இருக்கிறது. ஆனால் அங்கும் வாக்கியம் அறுகிறது, அதை அறுப்பவர் அழைப்பை எடுக்கும் உத்தியோகத்தர். ஒரு சிகிச்சை நிலையத்தின் பதிவில், “இரத்தப் பரிசோதனைக்கு வருபவர்கள் அன்று காலை நீரிழிவு மாத்திரையை எடுக்க” என்ற இடத்தில் “வணக்கம், சொல்லுங்கோ” என்று குரல் வந்ததை நானே கேட்டிருக்கிறேன். எடுக்க வேண்டுமா, எடுக்கக் கூடாதா என்பது அந்தக் குரலுக்குப் பின்னால் போய்விட்டது. மருந்தைப் பற்றிய அறிவுறுத்தலைக் காத்திருப்புப் பதிவில் வைக்கவே கூடாது என்பது எனது முடிவு. அதை ஒருவர் நேரே சொல்லி, திருப்பிச் சொல்லச் செய்ய வேண்டும். பதிவில் வைக்கத்தக்கவை கிளினிக் நாள், கொண்டுவர வேண்டிய கொப்பி, இன்னோர் இலக்கம் போன்றவை.

எந்த இலக்கத்தை அழுத்துவது என்று சொல்லும் இடத்தில் மட்டும் தமிழின் வரிசை எங்களுக்குத் துணை நிற்கிறது. “கிளினிக் திகதியை மாற்ற, இரண்டை அழுத்துங்கள்” என்றால் தேவை முதலில் காதில் விழுகிறது, அது தன்னுடையது என்று அறிந்தவர் இலக்கத்துக்குக் காத்திருக்கிறார். “இரண்டை அழுத்தினால் திகதியை மாற்றலாம்” என்று திருப்பி எழுதினால், வேண்டுமோ வேண்டாமோ என்று தெரியாத இலக்கத்தை அவர் மனதில் சுமக்க வேண்டும்.

தொலைபேசி இலக்கம் சொல்ல வேண்டியிருந்தால் “ஒரு இலக்கம் சொல்கிறோம், பேனை எடுங்கள்” என்று சொல்லி ஐந்து விநாடி விடுங்கள். பிறகு பத்து இலக்கங்களையும் மூன்று, மூன்று, நான்காகப் பிரித்து ஒவ்வொன்றாக இரண்டு முறை சொல்லுங்கள். 021 என்பது “பூச்சியம், இரண்டு, ஒன்று”. “பூச்சியம்” என்று தொடங்கினால் கடைசிவரை பூச்சியம்தான். நடுவில் “சைபர்” என்று மாற்றினால் எழுதுபவரின் கை நின்றுவிடும், அதற்குள் இரண்டு இலக்கங்கள் போய்விடும்.

அந்தச் சிகிச்சை நிலையத்தில் இப்போது மாத்திரை பற்றிய வரி பதிவில் இல்லை. அழைப்பை எடுப்பவர் வணக்கம் சொன்னதும் முதலில் கேட்பது, “பதிவில் எதுவரைக்கும் கேட்டனீங்கள்?” என்பதைத்தான்.