மரத்துக்கு எத்தனை கைதட்டு?

‘மரம்’ என்று சொல்லிக்கொண்டே கை தட்டிப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த நமக்கு ம, ர, ம் என்று மூன்று தட்டத் தோன்றும். இன்னும் அ, ஆ பழகாத குழந்தை பெரும்பாலும் இரண்டுதான் தட்டும்: ம–ரம். அதன் காது சரியாகத்தான் கேட்கிறது. நாம்தான் காதால் கேட்காமல் எழுத்தை எண்ணிவிடுகிறோம்.

புறங்கையைத் தாடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ‘தக்காளி’ என்று நிதானமாகச் சொன்னால் இது புரியும். தாடை மூன்று முறை இறங்கும்: தக்–கா–ளி. உயிரொலி வரும் இடத்தில்தான் வாய் திறக்கிறது. மெய் தனியாக நிற்காமல் பக்கத்து ஒலியோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் ‘தர்மபுரி’க்கு எழுத்து ஐந்து, தட்டு நான்கு. ‘ஒகேனக்கல்’லுக்கு எழுத்து ஆறு, தட்டு நான்கு. (யாப்பில் சொல்லும் அசை வேறு; அங்கே ‘மரம்’ முழுவதும் ஒரே நிரையசை.)

1974இல் அமெரிக்காவில் இசபெல் லிபர்மேனும் உடன் ஆய்ந்தவர்களும் சிறு குழந்தைகளை இப்படித் தட்டச் சொல்லிப் பார்த்தார்கள். நான்கு வயதுக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் தட்டுகளைச் சரியாகப் பிரித்தார்கள். க், அ, ல் என்பது போலத் தனித்தனி ஒலியாக அவர்களில் ஒருவராலும் பிரிக்க முடியவில்லை. காரணம் வாயிலேயே இருக்கிறது. ‘மா’ சொல்ல உதடு மூடியிருக்கும்போதே நாக்கு ஆகாரத்துக்குத் தயாராகிவிடுகிறது. இரண்டு ஒலியும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து வருவதால் வெட்ட இடம் தெரிவதில்லை. ஆகவே ஒலிகளைப் பிரித்துக் கேட்கக் குழந்தையைப் பழக்க, பெரிய துண்டிலிருந்து சிறிய துண்டுக்குப் போவதே வழி.

பாலக்கோட்டில் இருக்கும் என் தங்கை மகளுக்கு ஐந்து வயது நிறையவில்லை. அவளோடு முதலில் ஒத்த ஓசையில் தொடங்கினேன். “கல்லு மாதிரியே கேக்குறது எது, பல்லா மண்ணா?” என்றேன். “மண்ணு, பெரியம்மா” என்றாள். கல்லும் மண்ணும் தரையில் சேர்ந்து கிடப்பவை. அவள் பொருளைப் பார்த்தாளே தவிர ஓசையைக் கேட்கவில்லை. இந்த வயதில் இது இயல்பு, திருத்தித் திட்டக் கூடாது. பட்டு, கட்டு, தட்டு, முட்டு என்று நானே வரிசையாகச் சொல்லி, நடுவில் ‘பூனை’யைச் செருகினேன். சிரித்தாள். சிரித்த இடத்தில்தான் காது திறந்தது. நான்கைந்து நாளில் ‘பல்லு’ என்று அவளே சொன்னாள்.

அடுத்து கைதட்டு. அதற்குப் பிறகு, துண்டுகளை நான் சொல்ல, அவள் ஒட்டவேண்டும். ‘மாம்… ப… ழம்’ என்றதும் “மாம்பழம்!” என்றாள். இடைவெளி அரை விநாடி இருந்தபோது எளிதாக வந்தது. இரண்டு விநாடி விட்டால் முதல் துண்டையே மறந்துவிட்டாள். ஒட்டுவதற்கு முதல் துண்டு நினைவில் நிற்க வேண்டும். அதனால் சிறிய இடைவெளியில் தொடங்கி, மெதுவாக நீட்டினேன்.

தட்டைவிடச் சிறிய ஒலிக்கு இறங்கும்போதுதான் பலரும் சறுக்குகிறோம். மெய்யெழுத்தை ‘இக், இங், இம்’ என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். ‘இம்’, ‘ஆ’ இரண்டையும் ஒட்டு என்றால் குழந்தை ‘இம்மா’ என்கிறது. குழந்தையின் பிழையில்லை அது, நாம் முன்னால் சேர்த்த இகரத்தின் பிழை. உதட்டை மூடி ‘ம்ம்ம்ம்’ என்று இழுத்து, நிறுத்தாமல் ‘ஆ’வுக்குப் போனால் ‘மா’ தானாக வந்துவிடும். ம், ன், ல் போன்றவற்றை இப்படி இழுக்கலாம். க், ட், ப் ஆகியவை அடைபட்டு வெடிப்பவை, இழுக்க முடியாது. அவற்றைப் பிறகு எடுத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு இடமும் கவனிக்கத்தக்கது. பேச்சில் ‘மரம்’ என்பதை நாம் ‘மரோ’ என்பது போல மூக்கால் முடிக்கிறோம். கடைசி மகரம் உதட்டைத் தொடுவதே இல்லை. ஆகவே “கடைசியில் என்ன கேக்குது?” என்ற கேள்விக்குக் குழந்தை ‘ம்’ சொல்லாவிட்டால் காதில் குறையில்லை. இந்த விளையாட்டுக்கு மான், பால், மீன் போல முடிவு தெளிவாக ஒலிக்கும் சொற்களே பொருத்தம்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குழந்தைகள் நிறைய. அவர்களுக்கு வீட்டு மொழிச் சொற்களிலேயே கை தட்டத் தொடங்கலாம். கன்னடத்து ‘மர’வுக்கும் தட்டு இரண்டே. துண்டாக்கிக் கேட்கும் பழக்கம் ஒரு மொழியில் வந்தால் அடுத்ததற்கும் உதவும்.

குழந்தை உண்மையிலேயே ஒட்டுகிறதா, தெரிந்த சொல்லை ஊகிக்கிறதா என்று அறிய, பொருளே இல்லாத சொல்லைக் கொடுங்கள். ‘மூ… னா’ என்றேன். முதல் வாரம் “மீனா” என்றாள், அது அவளுடைய தோழியின் பெயர். மூன்றாவது வாரம் “மூனாவா? அப்படின்னா என்ன, பெரியம்மா?” என்று கேட்டாள்.