வீக்கமா, தடிப்பா? பூனை இதயத்தின் இரண்டு சொற்கள்

"மாமா, பூனைக்கு இதய வீக்கமாம். மர்மரம் இருக்குன்னும் டாக்டர் சொன்னார். அப்படின்னா என்ன?"

பாலக்காட்டு எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறையிலிருந்து தங்கை மகள் கேட்டாள். அவள் வளர்ப்பது பதினொரு மாதமான இரண்டு பர்சியன் கடுவன்கள், ஒரே ஈற்று. பெரியவனைக் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனுக்குக் கொண்டுபோன இடத்தில் மருத்துவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டிருக்கிறார். ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டு, எக்கோ எடுக்கச் சொல்லியிருக்கிறார். அது சரியான முடிவு. ஆனால் சீட்டில் இருந்த ஹைப்பர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதி என்ற பெயரை 'வீக்கம்' என்று தமிழாக்கியதில்தான் சிக்கல் தொடங்கியது. முப்பது வருடம் கால்நடை மருத்துவம் பார்த்தவன் என்பதால், அந்த ஒரு சொல்லைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

பெயரைப் பிரித்தால் எல்லாமே கிரேக்கம். ஹைப்பர் என்றால் மிகை, ட்ரோஃபே என்றால் ஊட்டம், கார்டியா இதயம், மூஸ் தசை, பாத்தோஸ் துன்பம். கிரேக்கத்தில் மூஸ் என்பதற்கு எலி என்றும் பொருள் உண்டு. தோலுக்கடியில் தசை புரள்வது எலி ஓடுவதுபோல் தெரிந்ததால் வந்த பெயர் என்பார்கள். கார்டியோமயோபதி என்ற கூட்டுச்சொல்லை 1957-இல் லண்டன் மருத்துவர் வாலஸ் பிரிக்டன் உருவாக்கினார். மறு வருடமே டொனால்ட் டியர் என்ற நோய்க்கூறியல் மருத்துவர், இளம் வயதில் திடீரென இறந்தவர்களின் இதயச் சுவர் ஒரு பக்கம் மட்டும் பருத்திருந்ததை எழுதினார். பூனைகளிலும் அதே நோய் உண்டென்பது 1970-களில் தெளிவானது.

வேர்ச்சொல்லை அப்படியே பெயர்த்து 'மிகையூட்டம்' என்று எழுதினால், அதிகம் தீனி போட்டதால் வந்தது என்று வளர்ப்பவர் தன்னையே நொந்துகொள்வார். இது தீனியால் வருவதில்லை. பெரும்பாலும் மரபணுக் கோளாறு.

'வீக்கம்' அதைவிடத் தவறு. வீங்கிய பொருள் வெளிப்பக்கமாகப் பெருக்கும், உள்ளே நீர் கோத்திருக்கும் என்றுதான் தமிழ்க் காது புரிந்துகொள்ளும். இந்த நோயில் நடப்பது வேறு. இடது கீழறையின் சுவர் உள்நோக்கித் தடிக்கிறது. அறை சுருங்குகிறது. தடித்த சுவர் எளிதில் தளராது, அதனால் ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவே அறை நிரம்பத் திணறுகிறது. அறை விரிந்து சுவர் மெலியும் நோயும் பூனைக்கு வரும். உணவில் டாரின் என்ற சத்து குறைவதே அதற்கு முக்கியக் காரணம் என்று 1987-இல் கண்டுபிடித்தார்கள். அதை 'இதய விரிவு' எனலாம். நம்முடையதற்கு 'இதயத்தசைத் தடிப்பு' என்பதே பொருத்தம். கொசு கடித்தால் தோலில் எழுவதையும் தடிப்பு என்கிறோமே என்றால், முன்னால் 'தசை' நிற்பதால் குழப்பம் வராது.

சொல் தவறினால் என்ன ஆகும் என்று அந்த வீட்டிலேயே பார்த்தேன். வீக்கம் என்று கேள்விப்பட்ட பக்கத்து வீட்டு அம்மா, தன் கிழட்டு நாய்க்கு வாங்கி மிச்சமிருந்த நீர் மாத்திரையைக் கொடுத்திருக்கிறார். நல்ல மனசுதான். வீக்கம் என்றால் நீரை இறக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஏற்கனவே நிரம்பத் திணறும் அறைக்குப் போகிற ரத்தத்தை அந்த மாத்திரை மேலும் குறைத்துவிடும். நுரையீரலிலோ நெஞ்சுக்கூட்டிலோ நீர் சேர்ந்தால்தான் அதற்கு வேலை. இரண்டு நாளில் பூனை சுருண்டுவிட்டது. அந்த நிலையில் திருச்சூர்ப் பக்கம் கொண்டுபோய் எக்கோ எடுத்தார்கள். சுவர் 5.7 மில்லிமீட்டர்.

பூனையின் இடது கீழறை தளர்ந்திருக்கும்போது சுவர் 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் இயல்பு, 6 அல்லது அதற்கு மேல் என்றால் தடிப்பு. நடுவில் இருப்பது சந்தேக இடம். ஒரே ஒரு மில்லிமீட்டரில் தீர்ப்பு மாறுகிறது. உடம்பில் நீர் வற்றினால் அறை ஒடுங்கும், நல்ல சுவர்கூட அளவில் தடித்துக் காட்டும். எக்கோ பார்த்த மருத்துவர் பூனையின் தோலைக் கிள்ளிப் பார்த்தார். அது உடனே பழைய இடத்துக்குப் போகவில்லை. மாத்திரையை நிறுத்தி, நீர்ச்சத்தைச் சரிசெய்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். அப்போது 4.4. தடிப்பே இல்லை.

அப்படியானால் அந்த மர்மரம்? மர்மரம் என்பது சருகு சலசலக்கும் ஓசைக்கு வடமொழிச் சொல். மலையாளத்தில் புழங்குவதால் எங்கள் எல்லைப் பக்கத்துத் தமிழிலும் ஏறிவிட்டது. மர்மர் என்னும் ஆங்கிலச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. இரண்டுமே ஒலிக்குறிப்பில் பிறந்தவை. தமிழில் பலர் 'இதய முணுமுணுப்பு' என்று எழுதுகிறார்கள். எனக்கு 'இதய இரைச்சல்' பிடிக்கும், அது காரணத்தையும் சேர்த்துச் சொல்வதால். சித்தூர்ப் பக்கத்து வாய்க்காலில் மதகை முக்கால்வாசி இறக்கினால் தண்ணீர் இரையும் அல்லவா, அதேதான். ஆனால் 'இதய'த்தை விட்டுவிட்டு வெறும் இரைச்சல் என்று சொல்லக் கூடாது. மூச்சிரைப்பு என்று புரிந்துகொள்வார்கள்.

தடித்த இதயத்தில், ஈரிதழ் வால்வின் ஓர் இதழ் ரத்தம் வெளியேறும் வழிக்குள் இழுபட்டு மதகுபோல் மறிக்கலாம். அப்போது இரையும். ஆனால் நல்ல இதயமும் இரையும். பயந்து துடிப்பு வேகமெடுக்கும்போது வலது கீழறையின் வாசல் சற்று ஒடுங்கினாலே போதும். பெரியவனுக்கு இருந்தது இந்த வகைதான். இங்கிலாந்தில் காப்பகங்களில் இருந்த 780 பூனைகளைச் சோதித்தபோது, பத்தில் நான்குக்கு இரைச்சல் கேட்டது. தடிப்பு இருந்தது ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்துக்கு. அதாவது இரைந்தவற்றில் பெரும்பாலானவை நோயில்லாதவை. இரைச்சல் கேட்டால் எக்கோ பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அதன் பொருள். குறிப்பாக மயக்க மருந்து கொடுக்கும் முன். (பூனை சுகமாகக் குர்ர் என்று உறுமிக்கொண்டே இருந்தால் எதுவும் கேட்காது. குழாயைத் திறந்துவிட்டால் பல பூனைகள் உறுமலை நிறுத்தும்.)

தம்பிப் பூனையும் கூடவே போயிருந்தது, தனியாக விட்டால் கத்தும் என்பதால். வந்ததுதானே என்று அதற்கும் பார்த்தார்கள். நெஞ்சில் ஓர் இரைச்சலும் இல்லை. எக்கோவில், இரண்டு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள இடைச்சுவரின் மேல்பகுதி 6.4. நீர்ச்சத்து சரி, ரத்த அழுத்தமும் சரி.

அவள் என்னிடம் கேட்டது, "மரபணு டெஸ்ட் எடுக்கலாமா?" மெய்ன் கூன் பூனைகளில் 2005-இலும் ராக்டால் பூனைகளில் 2007-இலும் கண்ட மரபணுத் திரிபுகளுக்குச் சோதனை உண்டு. பர்சியனுக்கும் நாட்டுப் பூனைக்கும் அதில் 'இல்லை' என்று வந்தாலும் ஒன்றும் தெரியாது. இதயம் இழுபடும்போது கூடும் ஒரு புரதத்தை அளக்கும் ரத்தச் சோதனை இருக்கிறது. முற்றிய நோயைப் பிடிக்கும், ஆரம்பத் தடிப்பைத் தவறவிடும். எக்கோவும் இன்றைய சுவரைத்தான் காட்டும். பெரியவனின் 4.4 மூன்று வயதில் 6 ஆகலாம், அதனால் அவனுக்கும் வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

தம்பிக்கு அடுத்து முக்கியம் இடது மேலறை. அது பெருத்தால் உள்ளே ரத்தம் உறையும். அந்தக் கட்டி பெருந்தமனி பிரியும் இடத்தில் போய் அடைத்தால், பின்னங்கால்கள் திடீரெனச் செயலிழந்து சில்லிட்டுப் போகும், பூனை வலியில் அலறும். அது ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாத நிலை. மேலறை பெரிதாகும்போதே ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தொடங்குவார்கள். தம்பிக்கு இப்போது மேலறை இயல்பான அளவில்தான் இருக்கிறது, மாத்திரை எதுவும் இல்லை. ஆழ்ந்து தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று அவள் எண்ணி எழுதுகிறாள். முப்பதைத் தாண்டி அப்படியே நின்றால் அன்றைக்கே போக வேண்டும். நேற்று 22.

தம்பியின் சீட்டின் பின்பக்கம் என்னையே தமிழில் எழுதித் தரச் சொன்னாள். எழுதினேன்: "இதயத்தசைத் தடிப்பு, தொடக்க நிலை. இதய இரைச்சல் இல்லை. இடது மேலறை பெரிதாகவில்லை. நீர் மாத்திரை கொடுக்க வேண்டாம். ஆறு மாதத்தில் மறு எக்கோ."