இரவு ஷிஃப்டை நடத்தியவர் பயோடேட்டாவில் எங்கே?

ஒரகடம் பக்கம் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் டெக்னீஷியனாக இருந்தவர் அவர். ஐடிஐ ஃபிட்டர், வயது 33. சூப்பர்வைசர் வேலைக்கு ஏழு இடங்களில் விண்ணப்பித்திருந்தார். ஓரிடத்திலிருந்தும் நேர்காணலுக்குக் கூப்பிடவில்லை. தெரிந்தவர் மூலமாக என்னிடம் வந்தார். நான் பதினைந்து வருடம் உற்பத்திப் பிரிவில் இருந்துவிட்டு, இப்போது இந்த வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு ஆள் பார்த்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன்.

பயோடேட்டாவை நீட்டினார். இரண்டு பக்கம். முதல் பக்கத்தின் மேல்பாதி முழுக்க, நிறுவனத்தின் வளர்ச்சிக்காகப் பாடுபட விரும்புகிறேன் என்ற பாணியில் ஒரு பத்தி. அதற்குக் கீழே, "எல்லா வகை மெஷினும் இயக்குவேன். மெயின்டனன்ஸ், குவாலிட்டி, 5எஸ் தெரியும். கடின உழைப்பாளி." இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர், மதம், பொழுதுபோக்கு. ஒன்பது வருட வேலைக்கு மொத்தம் நான்கே வரிதான் கிடைத்திருந்தது. அந்த நான்கு வரியை முந்தாநாள் வேலைக்குச் சேர்ந்த ஒரு ஆபரேட்டரும் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

நான் பயோடேட்டாவை ஓரமாக வைத்துவிட்டு, "போன வாரம் நைட் ஷிஃப்ட்ல ஒரு நாள் என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க தம்பி" என்றேன்.

"பெருசா ஒண்ணுமில்ல சார். அன்னைக்கு ரெண்டு ஆபரேட்டர் வரல. அஞ்சாம் நம்பர் மெஷினை நிறுத்தி அந்த ஆளை ரெண்டாம் நம்பர்ல போட்டேன். ரெண்டாம் நம்பர் சரக்குதான் காலைல ஆறு மணி வண்டில போகணும். அப்புறம் ஒரு மோல்டு மாத்தினோம். பன்னெண்டரைக்கு ஒரு பார்ட்ல வெள்ளிக்கோடு வந்துச்சு, நிறுத்திட்டுப் பாத்தோம்."

"சூப்பர்வைசர் எங்க போனார்?"

"அவர் வேலையை விட்டு எட்டு மாசம் ஆச்சு சார். எனக்கு நைட் வாரம் வந்தா நான்தான் பாத்துக்கறேன்."

இதைப் பெருசா ஒண்ணுமில்ல என்கிறார்! வராத ஆட்களை வைத்துக்கொண்டு எந்த மெஷினை நிறுத்துவது, எதை ஓட்டுவது என்று முடிவெடுப்பதுதான் சூப்பர்வைசர் வேலையின் மையம். எட்டு மாதமாக அதைச் செய்துகொண்டிருந்தார். பயோடேட்டாவில் அதற்கு ஒரு எழுத்துகூட இல்லை. இந்த வட்டாரத்தில் நான் பார்க்கும் பெரும்பாலான டெக்னீஷியன்களின் நிலை இதுதான். மெஷினைப் பற்றி எழுதுகிறார்கள். ஆளையும் நேரத்தையும் சரக்கையும் பற்றி எடுத்த முடிவுகளை எழுதுவதே இல்லை.

அடுத்து மோல்டு மாற்றுவதைப் பற்றிக் கேட்டேன். முன்பெல்லாம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகுமாம், இப்போது முக்கால் மணி நேரம்கூட ஆவதில்லையாம். எப்படி என்றதும் மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பழைய வழக்கப்படி, மெஷினை நிறுத்திய பிறகுதான் கூலிங் தண்ணீர் ஹோஸைத் தேடுவார்கள், கிளாம்பும் போல்ட்டும் எடுத்துவரப் போவார்கள், கிரேனுக்குக் காத்திருப்பார்கள். புது மோல்டு சூடேற இன்னும் நேரம் பிடிக்கும். இவர் அதைத் திருப்பிப் போட்டார். ஓடிக்கொண்டிருக்கும் மோல்டு நிற்பதற்கு முன்பே அடுத்த மோல்டைப் பக்கத்தில் கொண்டுவந்து சூடேற்றிவிடுவது, அந்த மோல்டுக்கான ஹோஸ், போல்ட் எல்லாவற்றையும் ஒரே தள்ளுவண்டியில் அடுக்கி வைப்பது, அடுத்த மெட்டீரியலை முன்கூட்டியே டிரையரில் போடுவது. மெஷின் நின்ற பிறகு கழற்றி மாட்டும் வேலை மட்டுமே மிச்சம்.

"ஒன்றரை மணி நேரத்துக்கு மேல்" என்று எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள். ஷிஃப்ட் லாக் புத்தகத்தில் மெஷின் நின்ற நேரம், ஓடிய நேரம் இரண்டும் இருக்கும். மாற்றத்துக்கு முந்தைய இருபது மோல்டு மாற்றங்களுக்கும், பிந்தைய இருபதுக்கும் நிமிடங்களை மட்டும் குறித்துக் கூட்டி வகுத்துப் பார்க்கச் சொன்னேன். புத்தகத்தைப் போட்டோ எடுக்கக் கூடாது, வாடிக்கையாளர் பெயரும் பார்ட் நம்பரும் வேண்டாம் என்பதையும் அழுத்திச் சொன்னேன். அவை நிறுவனத்தின் சொத்து. வெளியே எடுத்துப் போனவர் என்று பெயர் வந்துவிட்டால் அடுத்த இடத்திலும் நம்ப மாட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து வந்தார். முன்பு சராசரி 95 நிமிடம், இப்போது 40. மிச்சம் 55. நாளைக்கு இரண்டு மாற்றம் என்றால் 110 நிமிடம். அந்த மெஷினில் ஒரு ஷாட்டுக்கு 45 விநாடி, ஒரு ஷாட்டில் இரண்டு பார்ட். 110 நிமிடத்தை விநாடியாக்கி 45-ஆல் வகுத்தால் 146 ஷாட், அதாவது ஏறக்குறைய 290 பார்ட். ஆர்டர் இருந்து மெஷின் ஓடும் நாட்களில் கிடைக்கும் கணக்கு இது. "தினமும் 290 பார்ட் கூடுதல் உற்பத்தி" என்று எழுத அவருக்கு ஆசை. வேண்டாம் என்றேன். ஆர்டர் இல்லாத நாளில் அந்த எண் நிற்காது, நேர்காணலில் ஒரே கேள்வியில் உடைந்துவிடும். 95-லிருந்து 40 என்பது லாக் புத்தகத்தில் இருக்கிறது, அது நிற்கும். 290-ஐக் கேட்டால் சொல்வதற்காக மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். கூட இரண்டு செட்டர்கள் வேலை செய்திருந்ததால், "இரண்டு செட்டர்களுடன் சேர்ந்து" என்பதையும் வரியில் சேர்த்தோம்.

அடுத்த இழுபறி பதவிப் பெயரில். எட்டு மாதம் பார்த்த வேலை சூப்பர்வைசர் வேலைதானே, அப்படியே போட்டுக்கொள்ளலாமே என்றார். ஆதங்கம் நியாயம்தான். ஆனால் சம்பளச் சீட்டில் டெக்னீஷியன் என்றுதான் இருக்கிறது. புது நிறுவனம் பழைய இடத்துக்குப் போன் போட்டு விசாரிக்கும், சம்பளச் சீட்டும் ரிலீவிங் கடிதமும் கேட்கும். அங்கே வேறு பெயர் இருந்தால், கையில் வந்த ஆஃபர் போய்விடும். எட்டு மாதம் என்பதும் முழு உண்மை இல்லை. மூன்று வாரத்துக்கு ஒரு முறைதான் அவருக்கு நைட் வரும். எண்ணிப் பார்த்தால் பதினொரு வாரம். அதனால் பதவி டெக்னீஷியன் என்றே இருந்தது. அதற்குக் கீழே, "சூப்பர்வைசர் இல்லாத 11 இரவு வாரங்களில் ஷிஃப்ட் பொறுப்பு: 6 மெஷின், 14 ஆபரேட்டர்கள், ஆள் ஒதுக்கீடு, முதல் பார்ட் சரிபார்ப்பு, காலை ஹேண்டோவர்" என்று ஒரே வரி.

நௌக்ரி தளத்தில் அவருடைய தலைப்பு வரியில் வெறுமனே Technician என்று இருந்தது. எங்களைப் போன்றவர்கள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி ஆள் தேடுவதில்லை. ஒரு சொல்லைப் போட்டு, ஊரும் அனுபவ வருடமும் கொடுத்துத் தேடுகிறோம். மோல்டிங் சூப்பர்வைசர் வேண்டுமென்றால் மோல்டிங் என்ற சொல்லைத்தான் போடுவோம். அந்தச் சொல்லே அவர் பக்கத்தில் எங்கும் இல்லை. அதை இப்படி மாற்றினோம்:

```
Injection Moulding Technician | Mould Change & Process Setting | Night Shift In-charge, 14 operators
```

திறன்கள் பகுதியில் Moulding, Molding என்று இரண்டு எழுத்துக்கூட்டலிலும் போட்டோம். நம் ஊர் நிறுவனங்கள் u சேர்த்து எழுதும், சில வெளிநாட்டு நிறுவனங்கள் u இல்லாமல் தேடும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். டிப்ளமோ கட்டாயம் என்று போட்டிருக்கும் இடங்களில் இந்தப் பக்கத்தை எவ்வளவு தெளிவாக்கினாலும் கதவு திறக்காது. அவர் முன்பு அனுப்பிய ஏழில் ஐந்து அப்படிப்பட்டவை. "டிப்ளமோ அல்லது அனுபவமுள்ள ஐடிஐ" என்று கேட்ட இடங்களுக்கு மட்டும் இந்த முறை அனுப்பினோம். மூன்றாவது வாரத்தில் ஒரு அழைப்பு வந்தது.

நேர்காணலில் பிளான்ட் ஹெட் கேட்ட கேள்வியை அவர் சொன்னபடியே தருகிறேன். நைலான் பார்ட்டில் திடீரென்று வெள்ளிக்கோடு வருகிறது, என்ன செய்வீர்கள்? இவர் உடனே, மெட்டீரியலில் ஈரம் இருக்கும், டிரையர் ஹீட் ஆகிறதா, ஹாப்பர் மூடி திறந்து கிடக்கிறதா, எவ்வளவு நேரம் காய்ந்தது என்று பார்ப்பேன் என்றிருக்கிறார். "இது டெக்னீஷியன் பதில். சூப்பர்வைசர் என்ன செய்வார்?" என்று கேட்டாராம் அவர்.

இங்கேதான் அந்தப் பன்னிரண்டரை மணி இரவு கைகொடுத்தது. மெஷினைச் சரிசெய்வது ஒரு பக்கம், அதற்குள் தயாராகிவிட்ட சரக்கு இன்னொரு பக்கம். மணிக்கொரு முறை பார்ட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் தாள் இருக்கிறது. கடைசியாக நல்லது என்று எழுதியது பதினொன்றரைக்கு என்றால், அதற்குப் பிறகு வந்த பெட்டிகள் எல்லாவற்றையும் சிவப்புச் சீட்டுப் போட்டுத் தனியே வைக்க வேண்டும், குவாலிட்டிக்குச் சொல்ல வேண்டும், வண்டியில் ஏற்ற விடக் கூடாது. ஆறு மணி வண்டிக்குச் சரக்கு குறையும் என்றால் இரவே மேலே சொல்லிவிட வேண்டும், காலைவரை மூடி வைக்கக் கூடாது. அன்று அவர் செய்ததும் இதைத்தான். ஷிஃப்ட் பொறுப்பு என்ற வரி பயோடேட்டாவில் இருந்ததால்தான் இந்தக் கேள்வியே வந்தது. பழைய பயோடேட்டாவோடு போயிருந்தால் டிரையர் வெப்பநிலையோடு பேச்சு முடிந்திருக்கும்.

மாதம் 27,000 என்று ஆஃபர் வந்தது. அப்போது அவர் கையில் வாங்கியது 24,500. உடனே கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டார். நான் சம்பளச் சீட்டை எடுக்கச் சொன்னேன். அந்த 24,500-இல் ஓவர்டைம் மட்டும் 5,000-க்கு மேல். பல நிறுவனங்களில் சூப்பர்வைசருக்கு ஓவர்டைம் கிடையாது, இங்கும் இல்லை. 27,000 என்பதும் பிடித்தம் போவதற்கு முந்தைய தொகை. பிஎஃப் பிடித்துக் கையில் வருவது என்ன என்று கணக்குப் போட்டால், புதுச் சம்பளம் பழையதைவிடச் சில நூறுதான் கூடுதல். பொறுப்போ பல மடங்கு. டெக்னீஷியனாக இருக்கும் பலர் இந்தக் கணக்கைப் போடாமல் போய், மூன்றாம் மாதம் வருந்துவதைப் பார்த்திருக்கிறேன்.

நைட் ஷிஃப்ட் அலவன்ஸ் உண்டா, ஆறு மாதம் கழித்து சம்பளம் திருத்துவார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்கச் சொன்னேன். அலவன்ஸ் கொடுத்தார்கள். திருத்தத்தை ஆஃபர் கடிதத்திலேயே ஒரு வரியாகச் சேர்த்தார்கள். மனைவியோடு பேசிவிட்டு மறுநாள் சம்மதம் சொன்னார். முப்பது நாள் நோட்டீஸ் முடித்து, தள்ளுவண்டியில் எந்த மோல்டுக்கு எந்த ஹோஸ் என்பதை ஒரு செட்டருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, புது இடத்தில் சேர்ந்தார். முதல் வாரமே நைட் ஷிஃப்ட்.