முரண்பாட்டால் நிறுவல்: ஒரு சொல் விளக்கம்

‘எதிர்மறை நிரூபணம்’ என்ற தொடரை இந்த மாதம் மூன்றாவது தடவையாகக் கேட்டுவிட்டேன். இணையத்தில் ஒரு கணக்குப் பாடம். சொல்லித்தந்தவர் படிகளையெல்லாம் சரியாகத்தான் போட்டார். √2 பின்னமாக இருக்க முடியாது என்று காட்டி முடித்துவிட்டு, “இந்த முறைக்கு எதிர்மறை நிரூபணம் என்று பெயர்” என்றார். ஒரு கூற்றின் மறுப்பை உண்மையென்று வைத்துக்கொண்டு, அது முரண்பாட்டில் போய் முடிவதைக் காட்டி அந்தக் கூற்றை நிறுவும் முறை இது. முரண்பாட்டால் நிறுவல் என்பதே இதற்குப் பொருத்தமான பெயர். முன்பு ஒரு மாணவனின் விடைத்தாளில் இதே கணக்கின் கடைசி வரி இப்படி இருந்தது: “எனவே √2 ஒரு முரண்பாடு.” முறையின் பெயர் மங்கலாக இருந்தால் எது எதோடு முரண்படுகிறது என்பதும் மங்கிப்போகும். அந்த விடைத்தாளில் நான் கண்டது அதைத்தான்.

சொல்லின் வரலாறு சுருக்கமானது. அரிஸ்டாட்டில் இந்த முறையை ‘இயலாததை நோக்கி இட்டுச்செல்லுதல்’ என்ற பொருள்படும் கிரேக்கத் தொடரால் குறித்தார். அவர் தந்த எடுத்துக்காட்டும் நம் √2 தான்: சதுரத்தின் பக்கத்துக்கும் மூலைவிட்டத்துக்கும் பொது அளவு உண்டென்று வைத்துக்கொண்டால், ஒற்றை எண் இரட்டை எண்ணுக்குச் சமமாகிவிடும் என்றார். லத்தீனில் இது ‘ரிடக்டியோ ஆட் அப்சர்டம்’ ஆனது. ஆங்கிலத்தில் ‘ப்ரூஃப் பை காண்ட்ரடிக்‌ஷன்’ என்பார்கள். ஆங்கிலத்தின் ‘காண்ட்ரடிக்‌ஷன்’ என்பதற்கு வேர்ப்பொருள் ‘எதிர்த்துச் சொல்லுதல்’. தமிழில் முரண் என்றால் மாறுபாடு, பகை. முரண்தொடையில் இருளும் ஒளியும் எதிரெதிரே நிற்கும், இரண்டும் நிற்கலாம். கணக்கில் வரும் முரண்பாடு அதைவிடக் கடுமையானது. ஒரே கூற்றும் அதன் மறுப்பும் சேர்ந்து வந்து நிற்கும், அவை இரண்டும் உண்மையாக இருக்க இடமே இல்லை.

சரி, படிகளைப் பார்ப்போம். முதலில், இந்தச் சுற்றுவழி எதற்கு? ஒரு பின்னம் √2-க்குச் சமமானால், மேலெண்ணின் வர்க்கம் கீழெண்ணின் வர்க்கத்தைப்போல் இருமடங்காக இருக்க வேண்டும். 7/5 என்ற பின்னத்தை எடுத்தால், 7-இன் வர்க்கம் 49, 5-இன் வர்க்கத்தின் இருமடங்கு 50. ஒன்று குறைகிறது. 17/12 எடுத்தால் 289, 288. ஒன்று கூடுகிறது. 99/70 எடுத்தால் 9801, 9800. மறுபடியும் ஒன்று கூடுகிறது. பின்னங்கள் √2-ஐ நெருங்கிக்கொண்டே போகின்றன, சரியாகப் பொருந்தவில்லை. ஆனால் இப்படி ஒவ்வொன்றாகச் சோதித்து முடிக்க முடியாது, பின்னங்களுக்கு முடிவில்லை. ஆகவே எல்லாப் பின்னங்களையும் ஒரே வீச்சில் பிடிக்கும் வழி வேண்டும்.

பொருந்தும் பின்னம் ஒன்று இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இதுதான் எடுகோள். அந்தப் பின்னத்தைச் சுருக்க முடிந்த அளவு சுருக்கி p/q என்று எழுதுவோம். இனி p-க்கும் q-க்கும் 1-ஐத் தவிரப் பொதுக்காரணி இல்லை. √2 = p/q என்பதை இருபுறமும் வர்க்கப்படுத்தினால் p² = 2q². எனவே p² இரட்டை எண். ஒற்றை எண்ணை ஒற்றை எண்ணால் பெருக்கினால் ஒற்றையே வரும் என்பதால், p-யும் இரட்டையாகத்தான் இருக்க வேண்டும். அதை p = 2k என்று எழுதினால் 4k² = 2q², அதாவது q² = 2k². முன்பு p-க்குச் சொன்ன அதே காரணத்தால் q-வும் இரட்டை. அப்படியானால் p, q இரண்டையும் 2 வகுக்கிறது. பொதுக்காரணி இல்லை என்று சொல்லித்தான் தொடங்கினோம். இப்போது இருக்கிறது என்று வந்து நிற்கிறது.

முரண்பாடு இந்த இடத்தில்தான் இருக்கிறது: ‘பொதுக்காரணி இல்லை’, ‘பொதுக்காரணி 2’ என்ற இரண்டு கூற்றுகளுக்கு நடுவில். √2-இல் ஒரு முரண்பாடும் இல்லை, அது நல்ல எண். சுருக்கிய வடிவம் என்ற வரியை விட்டுவிட்டுத் தொடங்கியவர் கடைசியில் ‘இரண்டும் இரட்டை’ என்று வந்து நிற்பார். ஆனால் அதில் முரண்பட என்ன இருக்கிறது? 6/4-இலும் இரண்டும் இரட்டைதான். வாதம் உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க, அதே படிகளை √4-க்குப் போட்டுப் பாருங்கள். p² = 4q², p இரட்டை, p = 2k, அப்புறம் k² = q². q இரட்டை என்று வரவே வராது. வாதம் நிற்க வேண்டிய இடத்தில் நின்றுவிடுகிறது, ஏனென்றால் √4 என்பது 2. ‘p²-ஐ 4 வகுத்தால் p-ஐயும் 4 வகுக்கும்’ என்று அவசரப்பட்டவர்கள்தான் √4-உம் பின்னமல்ல என்று ‘நிறுவி’விடுவார்கள். 36-ஐ 4 வகுக்கும், 6-ஐ வகுக்காது.

இப்போது ‘எதிர்மறை நிரூபணம்’. எதிர்மறை என்பது நம் இலக்கணத்தில் பொருள் வரையறுத்த சொல். செய்தான் என்பது உடன்பாடு, செய்யான் என்பது எதிர்மறை. அப்படியென்றால் எதிர்மறை நிரூபணம் எதைக் குறிக்கும்? இல்லை என்று முடிகிற நிரூபணத்தையா, இல்லை என்று தொடங்குகிற நிரூபணத்தையா? √2 கணக்கில் குழப்பம் தொடங்குவதே இதில்தான். நாம் நிறுவும் முடிவு எதிர்மறையானது: √2 பின்னமல்ல, அதாவது அது விகிதமுறா எண். ‘விகிதமுறா’ என்பதே ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். உறாத என்பதன் கடைசி எழுத்து கெட்டது. எடுகோளோ உடன்பாடு: ‘பின்னம் இருக்கிறது.’ முடிவின் தன்மையை முறையின் பெயராக ஏற்றிவிட்டார்கள்.

இதே முறை உடன்பாடான முடிவையும் தரும். 1-ஐவிடப் பெரிய எந்த முழு எண்ணையும் ஏதாவதொரு பகா எண் வகுக்கும் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அப்படி வகுபடாத எண்கள் உண்டென்று கொண்டு, அவற்றில் மிகச் சிறியதை எடுப்போம். அது பகா எண்ணாக இருக்க முடியாது, இருந்தால் தன்னைத் தானே வகுக்கும். எனவே அது 1-ஐவிடப் பெரிய இரண்டு சிறிய எண்களின் பெருக்கம். அந்தச் சிறிய எண்களில் ஒன்றை எடுத்தால், அதை வகுக்கும் பகா எண் ஒன்று உண்டு, அது பெரியதையும் வகுக்கும். முரண்பாடு. முடிவு ‘உண்டு’ என்றுதான் வருகிறது. இதை எதிர்மறை நிரூபணம் என்று எப்படி அழைப்பது?

‘முரண் நிரூபணம்’ என்று சுருக்குகிறவர்கள் இன்னொரு வகை. சொல் பாதி சரி, தொகை தவறு. உருபை எடுத்துவிட்டால் முரணால் நிறுவுவதா, முரணை நிறுவுவதா என்று தெரியாது. போதாததற்கு, விரிகடல், எரிதழல் என்பவை போல இதையும் வினைத்தொகையாகப் படிக்க முடியும்: முரணிய நிரூபணம், முரண்கின்ற நிரூபணம். தனக்குத்தானே முரண்படும் நிரூபணம் எந்தக் கணக்குக்கு உதவும்? அந்த விடைத்தாளின் கடைசி வரி இப்படிப்பட்ட சுருக்கத்திலிருந்து முளைத்திருந்தால் எனக்கு வியப்பில்லை.

ஆங்கிலத் தொடரில் ‘பை’ என்ற சின்னச் சொல்தான் பொருளைத் தாங்குகிறது. மொழிபெயர்ப்பவர்கள் பெரிய சொற்களுக்குத் தமிழ் தேடிவிட்டு இதை உதறிவிடுகிறார்கள். தமிழில் அந்த வேலையைச் செய்ய மூன்றாம் வேற்றுமை இருக்கிறது, ஓர் ‘ஆல்’ போதும். முரண்பாட்டால் நிறுவல். ‘முரண்பாட்டின் மூலம் நிரூபணம்’ என்றாலும் எனக்கு மறுப்பில்லை, நீளம்தான் கொஞ்சம் கூடுதல். நிறுவல் என்பதை நான் விரும்புவதற்குக் காரணம், அதில் நிற்க வைப்பது என்ற பொருள் வெளிப்படையாகத் தெரிகிறது, சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

அந்த மாணவனின் கடைசி வரியை இரண்டு வரிகளாக இப்படித் திருத்தலாம்: “p, q-க்குப் பொதுக்காரணி இல்லை என்றதோடு இது முரண்படுகிறது, ஆகவே √2 = p/q என்ற எடுகோள் தவறு. எனவே √2 விகிதமுறா எண்.”