ஆணி குத்தினால் ஏற்பு ஊசி: 5 வருடக் கணக்கா, 10 வருடக் கணக்கா?

கிராண்ட்பாஸில் வெள்ளம் வடிந்த மறுநாள், வாசல் கானில் அடைத்திருந்த குப்பையை அள்ளப் போன 27 வயதுத் தம்பி ஒருவரின் இறப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஆணி பாதத்தில் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் எல்லோரும் முதலில் ஆணியில் துரு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். துருவால் ஏற்பு, அதாவது டெட்டனஸ், வருவதில்லை. மண்ணிலும் சாணியிலும் இருக்கும் கிருமியின் வித்துகள், காற்றுப் புகாத ஆழமான துளைக்குள் போய் முளைத்தால்தான் ஆபத்து. அவை விடும் நஞ்சு நரம்பு வழியாக முள்ளந்தண்டுக்கு ஏறி, தசையைத் தளரச் சொல்லும் சமிக்ஞையைத் தடுத்துவிடும். அதனால்தான் பெரும்பாலும் முதலில் தாடை இறுகுகிறது.

சரி, ஊசி தேவையா? மொத்தம் எத்தனை டோஸ் போட்டிருக்கிறார், கடைசி டோஸ் எப்போது என்ற இரண்டும் தெரிந்தால் போதும். குழந்தையில் போட்டதெல்லாம் முழுதாக இருந்து, கடைசியாகப் பள்ளிக்கூடத்தில் 12 வயதில் போட்டவர் என்றால் 15 வருடம் ஓடிவிட்டது, அவருக்கு பூஸ்டர் ஒன்று வேண்டும். அவருடைய 19 வயதுத் தங்கையும் 12 வயதில்தான் போட்டார் என்றால் இடைவெளி 7 வருடம். சமையலறையில் சுத்தமான கத்தி லேசாகக் கீறினால் 10 வருடக் கணக்கு, ஊசி வேண்டாம். அதே தங்கைக்கு கான் ஆணி குத்தினால் 5 வருடக் கணக்கு, போடத்தான் வேண்டும்.

மூன்று டோஸாவது முன்பே எடுத்தவர்களுக்கு இந்த ஒரு ஊசி போதுமானதற்குக் காரணம், உடம்பு அந்த நஞ்சை ஏற்கெனவே அடையாளம் கண்டு வைத்திருப்பதுதான். பூஸ்டர் போட்ட சில நாட்களிலேயே எதிர்ப்பொருள் வேகமாக ஏறிவிடும், நோய் தலைகாட்டவோ பெரும்பாலும் 3 முதல் 21 நாள் ஆகும். அன்றே போடுவது நல்லது, இரண்டு நாள் பிந்திவிட்டது என்றாலும் விடாமல் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஊசி போட்ட ஞாபகமே இல்லாத 60 வயது அம்மாவின் நிலைமை வேறு, அங்கேதான் ஆட்கள் ஏமாந்து போகிறார்கள். முதன்முறை போடும் தடுப்பூசி பாதுகாப்புத் தர வாரக்கணக்கில் ஆகும், அதுவரை அவரிடம் ஒன்றுமே இருக்காது. அதனால் அழுக்குக் காயம் என்றால் ஒரு கையில் தடுப்பூசியும், வேறோர் இடத்தில் ஆயத்தமான எதிர்ப்பொருள் ஊசியான இம்யூனோகுளோபுலினும் (வழக்கமாக 250 அலகு) போடுவார்கள். இம்யூனோகுளோபுலின் சில வாரங்களில் கரைந்துவிடும், அதனால் அம்மா 4 வாரம் கழித்து இரண்டாவதும், அப்புறம் 6 மாதம் போல மூன்றாவதும் போட்டாக வேண்டும். காயம் ஆறியதும் பலர் இந்த இரண்டையும் விட்டுவிடுகிறார்கள்.

எந்த ஊசியானாலும் முதலில் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். கோப்பித்தூள் அப்ப வேண்டாம், அது துளையை மூடி அழுக்கை உள்ளேயே வைத்துவிடும். உள்ளே துண்டு ஏதும் தங்கியிருந்தால் டாக்டர் எடுக்கட்டும். பிறகு வாய் திறக்கக் கஷ்டமாக இருந்தாலோ விழுங்க முடியாவிட்டாலோ, ஊசி போட்டிருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.