ஏ9 வீதியில் வலப்புறம் திருப்பும்போது யாருக்கு முன்னுரிமை?

இலங்கையில் வாகனங்கள் இடப்புறமாகச் செல்வதால், ஓமந்தையிலிருந்து மாங்குளம் நோக்கிச் செல்லும் ஒருவர் வலப்பக்கத்து ஒழுங்கைக்கோ கடைவாசலுக்கோ திரும்ப வேண்டுமானால் எதிரே வரும் வாகனங்களின் பாதையைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கிறது. சமிக்ஞை விளக்கு இல்லாத இத்தகைய இடத்தில் நேரே வருபவருக்கே முன்னுரிமை உண்டு. மற்றவர்களின் போக்கைத் தடுக்கும் வகையில் வீதியைக் குறுக்கே கடப்பதற்கும் திருப்புவதற்கும் சட்டம் இடமளிப்பதில்லை. எதிரே வருபவர் வேகமாக வந்தார் என்பது, திருப்பியவர் காத்திருக்க வேண்டிய கடமையை நீக்கிவிடாது.

இடைவெளியைத் தூரமாகப் பார்க்காமல் நேரமாகப் பார்க்க வேண்டும். நின்ற நிலையிலிருந்து ஒரு கார் எதிர்ப்பாதையைக் கடந்து முடிக்க ஏறத்தாழ ஐந்தரை வினாடி இடைவெளி தேவை. ஒரு கடைக்கு எதிரே நிற்பவருக்கு 110 மீற்றர் முன்னால் ஒரு பாலைமரம் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் வருகின்ற கார் அம்மரத்திலிருந்து கடைவாசலை அடைய ஐந்தரை வினாடிக்குச் சற்றே கூடுதலாக எடுக்கும். மணிக்கு 100 கிலோமீற்றரில் வருகின்ற வான் நான்கே வினாடியில் வந்துவிடும். மரம் அதே மரம்தான், ஆனால் இரண்டாவதில் திருப்பியவர் பாதி வழியில் அகப்படுவார். எனவே முதலில் கடந்துபோகும் ஓரிரு வாகனங்கள் மரத்திலிருந்து வாசலுக்கு வரும் நேரத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு முடிவெடுப்பது நல்லது.

நேரே நம்மை நோக்கி வரும் வாகனத்தின் வேகம் கண்ணுக்கு எளிதில் பிடிபடாது. அது கிட்ட வந்த பின்னர்தான் உருவம் சட்டெனப் பெரிதாகும். மோட்டார் சைக்கிள் ஒடுக்கமாக இருப்பதால் உள்ளதைவிடத் தொலைவில் நிற்பதுபோலத் தோன்றும். இரவில் ஒற்றை விளக்கு மட்டும் தெரியும்போது தவறு இன்னும் கூடும். ஐயம் எழுந்தால் அந்த வாகனம் போகும்வரை நிற்பதே சரியான முடிவு.

காத்திருக்கும்போது வலது சமிக்ஞையை முன்கூட்டியே போட்டு, நடுக்கோட்டை ஒட்டி, முன்சில்லை நேராக வைத்திருக்க வேண்டும். சில்லைத் திருப்பி வைத்திருந்தால் பின்னால் மோதும் பாரவூர்தி உங்களை எதிர்ப்பாதைக்குள் தள்ளிவிடும். அசையும் கணத்தில் வலது கண்ணாடியைப் பாருங்கள், ஏனெனில் பின்னால் வருபவர் உங்களை முந்தத் தொடங்கியிருக்கலாம். எதிரே நிற்கும் பேருந்தின் சாரதி கைகாட்டினாலும், அப்பேருந்தின் மறைவில் மோட்டார் சைக்கிள் ஒன்று வரக்கூடும் என்பதால் அதை மட்டும் நம்பித் திரும்ப வேண்டாம்.

நெல் ஏற்றிய பெட்டியோடு வலப்புறம் திரும்பும் உழவு இயந்திரத்துக்குப் பெட்டியின் பின்முனை வரை கடக்கப் பத்து வினாடி செல்லலாம். 70 கிலோமீற்றர் வேகத்துக்கு அது ஏறத்தாழ 200 மீற்றர் வெறும் வீதி. வளைவு காரணமாக அவ்வளவு தூரம் தெரியாத இடத்தில், நேரே சென்று பார்வை தெளிவான வேறொரு இடத்தில் திருப்ப வேண்டும்.