128 ஜிபி சரி, அது எந்த 128 ஜிபி?

போன வருஷம் எங்க அக்கா அவங்க போனை என் கையில குடுத்து "வாங்கி ரெண்டு வருஷம்தான ஆகுது, அதுக்குள்ள ஏன்டா இப்படி திணறுது"ன்னு கேட்டாங்க. டப்பால பாத்தா எட்டு கோர், 6 ஜிபி ரேம், 128 ஜிபி ஸ்டோரேஜ்னு பெருசா போட்டிருக்கு. ஆனா கேலரிய தொட்டா கொஞ்ச நேரம் வெள்ளையா நிக்குது, ப்ளே ஸ்டோர்ல ஏதாச்சும் ஆப் அப்டேட் ஆயிட்டிருந்தா கீபோர்டு கூட மேல வர மாட்டேங்குது. ரேம் பத்தலன்னுதான் நானும் மொதல்ல நெனச்சேன், போய் பாத்தா ரேம்ல நல்லாவே எடம் இருக்கு. பிரச்சனை ஸ்டோரேஜ்ல. அதுல இருந்தது இஎம்எம்சி 5.1.

கம்மி வெலை போன்ல ரெண்டு வகை ஸ்டோரேஜ் வருது, ஒண்ணு இஎம்எம்சி, இன்னொண்ணு யுஎஃப்எஸ். உள்ள தகவலை சேமிச்சு வெக்கிற ஃபிளாஷ் மெமரி சிப் கிட்டத்தட்ட ஒரே சரக்குதான், ஆனா அதுக்கும் ப்ராசஸருக்கும் நடுவுல போற பாதை வேற. இஎம்எம்சிய ஒத்தையடிப் பாதைன்னு நெனச்சுக்கோங்க, ஒரு நேரத்துல ஒரு பக்கம்தான் போக முடியும், எழுதிட்டு இருக்கும்போது படிக்க முடியாது, படிக்கும்போது எழுத முடியாது. யுஎஃப்எஸ்ல போறதுக்கு ஒரு வழி வர்றதுக்கு ஒரு வழின்னு தனித்தனியா இருக்கு. இப்ப அக்கா போன்ல என்ன நடக்குதுன்னு பாருங்க: பின்னாடி ஆப் அப்டேட் எழுதிக்கிட்டே இருக்கு, அந்த நேரம் பாத்து அவங்க கேலரிய திறக்குறாங்க, கேலரிக்கு வேண்டிய தகவல் அந்த எழுத்து வேலை வழிவிடுற வரைக்கும் வரிசையில நிக்கணும். இதோட, வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் வந்தாக்கூட அது ஒரு டேட்டாபேஸ்ல பதிவாகி, எழுதியாச்சுன்னு ஸ்டோரேஜ் கிட்டருந்து உறுதி வந்தாதான் அடுத்த வேலை நடக்கும். அதெல்லாம் சின்னச் சின்ன எழுத்து, ஆனா நாள் முழுக்க ஓயாது.

அப்ப புதுசுல ஏன் நல்லா ஓடுச்சு? ஃபிளாஷ்ல ஏற்கனவே எழுதின எடத்து மேல அப்படியே திரும்ப எழுத முடியாது, மொதல்ல அழிக்கணும், அதுவும் ஒரு பெரிய பிளாக்கா மொத்தமாத்தான் அழிக்க முடியும். போன் காலியா இருக்கிற வரைக்கும் அழிச்சு வெச்ச எடம் நெறைய இருக்கும், வந்ததை ஒடனே எழுதிடும். 128ல 120 நெறஞ்சதுக்கப்புறம், ஒரு பிளாக்ல உசுரோட இருக்கிற தகவலை எல்லாம் வேற எடத்துக்கு நகத்தி, அந்த பிளாக்கை அழிச்சு, அதுக்கப்புறம்தான் புதுசை எழுதணும். இது யுஎஃப்எஸ்லயும் நடக்கிறதுதான், ஆனா ஒத்தையடிப் பாதையில நடக்கும்போது பின்னாடி நிக்கிற கூட்டம் பெருசாயிடுது. அக்கா போன்ல பழைய வீடியோவ எல்லாம் தூக்கி 40 ஜிபி காலி பண்ணினேன், பாதி குணமாச்சு, மீதி பாதி அந்தப் பாதையோட குறை, அதை யாராலயும் சரிபண்ண முடியாது.

இந்த 8 ஜிபி ரேமோட இன்னொரு 8 ஜிபி சேத்து 16ன்னு போடுறாங்களே, அந்தக் கூடுதல் 8 ரேமே இல்ல, ஸ்டோரேஜ்ல ஒரு பகுதிய ஒதுக்கி ரேம் மாதிரி பயன்படுத்துறது. இஎம்எம்சி போன்ல இதை ஆன் பண்ணினா அந்த ஒத்தையடிப் பாதையில இன்னும் வண்டி விடுற மாதிரிதான், அதனால அக்கா போன்ல நான் ஆஃப் பண்ணிட்டேன்.

ஸ்பெக் ஷீட்ல வெறும் 128 ஜிபின்னு மட்டும் இருந்து வகை போடலன்னா நான் இஎம்எம்சின்னே எடுத்துக்குவேன், யுஎஃப்எஸ் இருந்தா அதை சொல்லாம விட மாட்டாங்க. போன் கையில இருந்தா ஸ்டோரேஜ் ஸ்பீடு பாக்குற ஆப் ஏதாச்சும் போட்டுப் பாக்கலாம், தொடர்ச்சியா படிக்கிற வேகம் செகண்டுக்கு 300 எம்பி பக்கத்துலயே நின்னுட்டா இஎம்எம்சி, 500 தாண்டி 1000 வரைக்கும் போனா யுஎஃப்எஸ் 2.2.

ப்ராசஸர் பேரை வெச்சும் ஓரளவு கண்டுபிடிக்கலாம், ஏன்னா எந்த ஸ்டோரேஜ் போடலாம்ங்கிறதை ப்ராசஸர்தான் முடிவு பண்ணுது. ஹீலியோ ஜி85ன்னா இஎம்எம்சி 5.1தான். ஹீலியோ ஜி99 யுஎஃப்எஸ் 2.2 வரைக்கும் தாங்கும். ஸ்னாப்டிராகன் 680 ரெண்டையும் ஏத்துக்கும், அதனால கம்பெனி எதைப் போட்டிருக்குன்னு தனியா பாக்கணும்.

கோர்ங்கிறது ப்ராசஸருக்குள்ள வேலைய செய்யுற தனித்தனி பகுதி, ஆனா "எட்டு கோர்"ங்கிற வார்த்தைய மட்டும் வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஹீலியோ ஜி37ல எட்டுமே கார்ட்டெக்ஸ் ஏ53, 2012ல அறிவிச்ச சின்ன கோர். அது வேலைய வந்த வரிசையிலேயே செய்யும், ஒரு தகவல் மெமரிலருந்து வர லேட்டானா பின்னாடி இருக்கிறதும் கூடவே காத்திருக்கும். ஜி99ல ஆறு சின்ன கோரோட ரெண்டு ஏ76 இருக்கு, இது பெரிய கோர், ஒரு வேலை காத்திருக்கும்போது பின்னாடி இருக்கிறதுல செய்ய முடியுறதை எடுத்து முடிச்சு வெச்சிடும். ஒரு ஆப் திறக்கிற வேலையில பெரும்பகுதி ஒரே கோர் மேலதான் விழுது, அதனால எட்டு சின்னதை விட ரெண்டு பெருசு இருக்கிற போன் கண்ணுக்குத் தெரியுற அளவுக்கு சுறுசுறுப்பா இருக்கும்.

இப்ப அப்டேட். "2 ஆண்ட்ராய்டு அப்டேட், 4 வருஷம் செக்யூரிட்டி"ன்னு ஒரு போன் சொல்லுதுன்னு வெச்சுக்கோங்க. இது ரெண்டு தனித்தனி வாக்கு, பெரும்பாலும் ரெண்டுமே அந்த மாடல் வெளியான நாள்லருந்து எண்றது, நீங்க வாங்கின நாள்லருந்து இல்ல. அந்த போன் 2024 ஜனவரில ஆண்ட்ராய்டு 13ஓட வந்துச்சு, நீங்க 2025 டிசம்பர்ல ஆஃபர்ல வாங்குறீங்கன்னு எடுத்துக்கோங்க. ஆண்ட்ராய்டு 14 2023 அக்டோபர்லயே வந்தாச்சு, ஆனா இது 13ஓட வந்ததால ரெண்டு அப்டேட்ல ஒண்ணு அந்தப் பழைய கடனை அடைக்கவே போயிடும். இன்னொண்ணு 15, அதோட முடிஞ்சுது. ஆண்ட்ராய்டு 16 2025 ஜூன்லயே வெளியாயிடுச்சு, அதாவது நீங்க டப்பாவ பிரிக்கிற அன்னிக்கே உங்க போன் பழைய வெர்ஷன்ல நின்னு போச்சு. செக்யூரிட்டி 2028 ஜனவரி வரைக்கும், நாலு வருஷம்னு சொன்னது கையில ரெண்டு வருஷம் ஒரு மாசம். இதே கம்மி வெலைப் பக்கத்துலதான் 2024 அக்டோபர்ல வந்த சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜிக்கு ஆறு வருஷம்னு சொல்லியிருக்காங்க, ஆக கேட்டா கிடைக்காத விஷயம் இல்ல.

வாக்கு குடுத்தாப் போதாது, அதே கம்பெனியோட போன வருஷ மாடல் வெச்சிருக்கிறவங்க கிட்ட செட்டிங்ஸ்ல செக்யூரிட்டி அப்டேட் தேதி என்னன்னு கேட்டுப் பாருங்க, அது அஞ்சாறு மாசம் பின்னாடி இருந்துச்சுன்னா வாங்கப்போற போனுக்கும் அதுதான் கதி.

ஆறு வருஷ வாக்கோட இஎம்எம்சி போன் ஒண்ணு, நாலு வருஷ வாக்கோட யுஎஃப்எஸ் போன் ஒண்ணு, ரெண்டுல எதுன்னு கேட்டா நான் யுஎஃப்எஸ் பக்கம் போவேன். ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்கு அப்புறமும் போன்ல இருக்கிற ஆப் எல்லாத்தையும் சிஸ்டம் புது வெர்ஷனுக்கு ஏத்தபடி மறுபடி தயார் பண்ணி ஸ்டோரேஜ்ல எழுதணும், ஒத்தையடிப் பாதையில அது ரொம்ப நேரம் இழுக்கும், அஞ்சாவது வருஷம் அப்டேட் வந்தாலும் அந்த போனை யாரும் ஆசையா எடுக்க மாட்டாங்க. ஆனா அம்மா அப்பா மாதிரி கால் பேசவும் பணம் அனுப்பவும் மட்டும் வெச்சிருக்கிறவங்களுக்கு வாங்குறதா இருந்தா அப்படியே மாத்திப்பேன், அங்க செக்யூரிட்டி தேதிதான் முக்கியம், கேலரி ரெண்டு செகண்ட் லேட்டா திறந்தா அவங்க கண்டுக்க மாட்டாங்க. அக்காவுக்கு அடுத்து பாத்து வெச்சிருக்கிறது யுஎஃப்எஸ் 2.2, ரெண்டு ஏ76 கோர், வெளியாகி மூணே மாசம் ஆன மாடல்.